உதவி: டிங்கர்கேடில் போன் ஸ்டாண்ட் வரைந்தேன், அளவு சரி, போன் மட்டும் உள்ளே போகவில்லை

தண்டையார்பேட்டை_ரேவதி:
டிங்கர்கேட் என்ற 3டி வரைபட மென்பொருளில் இதுதான் என் முதல் வேலை. போனை அளந்தேன்: உயரம் 164 மி.மீ., அகலம் 76, தடிமன் 8.1. கவர் போட்டால் தடிமன் 11.2. பின்பக்கம் ஒரு பலகை, முன்னால் ஒரு சின்னப் பலகை, இரண்டையும் மேசையிலிருந்து 65 டிகிரி சாய்த்து வைத்தேன். நடுவில் இடைவெளி 11.5. திரையில் ரூலர் வைத்துப் பார்த்தேன், சரியாக 11.5 காட்டுகிறது. 3டி பிரிண்ட் எடுத்தால் கவரோடு போன் நுழையவில்லை. கவரைக் கழற்றினால் லொடலொடவென்று ஆடுகிறது. எங்கே பிசகு?

கொளத்தூர்_பாலா:
பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். மொத்தத்தையும் 105 சதவீதம் பெரிதாக்கி பிரிண்ட் பண்ணுங்கள், முடிந்தது.

பாரிமுனை_நசீர்:
இதுக்கு எதுக்கு இவ்வளவு பாடு? பர்மா பஜாரில் விதவிதமாக ஸ்டாண்ட் தொங்குதே.

ரேவதி:
வாங்கத் தெரியாமலா? வரையக் கற்றுக்கொள்ளத்தான் இந்த வேலையே.

வியாசர்பாடி_லேத்:
தங்கச்சி, உன் ரூலர் பொய் சொல்லவில்லை. ஆனால் அது தரையோடு அளக்கிறது, போனோ சாய்ந்து இறங்குகிறது. சாய்ந்த இரண்டு பலகைக்கு நடுவே போனுக்குக் கிடைப்பது பலகைக்குக் குறுக்கே நேராக உள்ள தூரம்தான். 11.5-ஐ சைன் 65-ஆல், அதாவது 0.906-ஆல் பெருக்கு. 10.4 வரும். 11.2 போன் அதில் எப்படிப் போகும்?

நம்பவில்லை என்றால் பிரிண்டை எடுத்து, கேலிப்பரைப் பலகைக்குக் குறுக்கே நேராகச் சாய்த்துப் பிடித்து அள. 10.4-க்குப் பக்கத்தில் வந்தால் கோளாறு வரைபடத்தில்தான்.

பாலா தம்பி சொல்வதில் பாதி உண்மை. பிரிண்டரில் பள்ளங்கள் கொஞ்சம் இறுக்கமாகத்தான் வரும். அதற்கு அரை மி.மீ. சலுகை போதும். பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 5 சதவீதமெல்லாம் சுருங்காது. 105-க்குப் பெரிதாக்கினாலும் இவளுக்கு 10.9 தான் கிடைக்கும், அப்பவும் நுழையாது.

ரேவதி:
அளந்தேன் அண்ணா, 10.3 காட்டுகிறது. அப்போ ஒவ்வொரு தடவையும் சைன் போட்டுக் கணக்குப் பார்க்கணுமா?

வியாசர்பாடி_லேத்:
வேண்டாம். போனையே வரைந்துவிடு. ஒரு பெட்டி எடு, அகலம் 77, உயரம் 164, தடிமன் 11.8. கவரோடு அளந்ததற்கு மேல் 0.6 சலுகை. அளவையெல்லாம் தட்டெழுதிவிட்டு அப்புறம் சாய். சாய்த்த பிறகு கைப்பிடியை இழுத்தால் பெட்டி கோணல்மாணலாகிவிடும். நேராக நிற்கும் பெட்டியைச் சாய்க்கிறாய், அதனால் திருப்பவேண்டியது 25 டிகிரி. 65 என்று போட்டால் போன் படுத்துவிடும்.

இப்போது 60 அகலத்தில் கனமான ஒரு அடிக்கட்டை, பின்னால் அதே சாய்வில் ஒரு பலகை. போன் பெட்டியின் அடிமுனையைக் கட்டைக்குள் ஒரு 12 மி.மீ. இறக்கு. பெட்டியை ஒரு நகல் எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு, கட்டைக்குள் இறங்கிய பெட்டியை `Hole` ஆக்கி, அதையும் கட்டையையும் பலகையையும் மட்டும் சேர்த்து `Group` கொடு. பள்ளம் தானாகச் சரியான அகலத்தில் விழும். பள்ளத்தின் அடியும் போனோடு சேர்ந்தே சாய்ந்திருக்கும். தட்டையான தரையில் போனின் பின்விளிம்பு மட்டும்தான் உட்காரும், இதில் முழு அடியும் உட்காரும்.

உடனே முழுசாக பிரிண்ட் எடுக்காதே. பக்கவாட்டில் 15 மி.மீ. துண்டு மட்டும் வெட்டி எடுத்துப் போனைச் செருகிப் பார்.

எண்ணூர்_சுகு:
தம்பி ஆட்டோவில் முன்கண்ணாடிக்குக் கீழே இப்படி ஒன்று வைத்தோம். வெயிலில் வளைந்து தொங்கிவிட்டது. கோணம் தப்பா?

வியாசர்பாடி_லேத்:
கோணம் இல்லை, பொருள். பி.எல்.ஏ. 60 டிகிரி சூட்டிலேயே இளகும். வண்டிக்கு பி.இ.டி.ஜி. மாதிரி ஏதாவது பாருங்கள். மேசைக்கு பி.எல்.ஏ. போதும்.

கொளத்தூர்_பாலா:
சைனை நான் யோசிக்கவே இல்லை. ஆனால் நாளைக்கே போன் மாற்றினால் மறுபடி வரையணும். ஃப்ரீகேட் மென்பொருளும் இலவசம்தான். தடிமனை ஒரு கட்டத்தில் எழுதி வைத்தால் மாற்றியதும் எல்லாம் கூடவே மாறும்.

வியாசர்பாடி_லேத்:
நல்ல யோசனைதான், ஆனால் முதல் வேலைக்கு அது கனம்.

ரேவதி, இன்னொன்று. 65 டிகிரியில் போனின் நடுப்புள்ளி அடிமுனையிலிருந்து சுமார் 35 மி.மீ. பின்னால் விழும். அடிக்கட்டை பள்ளத்துக்குப் பின்னால் அதைவிட நீளமாக இருக்கணும். மேலே விரலால் தட்டுவாய் இல்லையா, 80 வைத்துக்கொள்.

ரேவதி:
துண்டு பிரிண்டில் கவரோடு அளவாக இறங்குகிறது அண்ணா. சார்ஜர் ஒயருக்கு நடுவில் 14 மி.மீ. வெட்டு விட்டேன், ஆனால் ஒயரின் முனை அடியில் இடித்துக் கொஞ்சம் மடங்குகிறது.

வியாசர்பாடி_லேத்:
அகலம் சரி, உயரம் போதாது. உன் ஒயரின் பிடி நீளத்தை அளந்து, அதோடு ஒயர் வளைய இன்னும் கொஞ்சம் சேர்த்து, போன் அடிக்கும் மேசைக்கும் நடுவே விடு. அடிக்கட்டை அவ்வளவு உயரணும், வேறு வழியில்லை.

ரேவதி:
சரி, உயர்த்திவிடுகிறேன். போனைப் படுக்கவைத்துப் படம் பார்த்தால் சத்தம் கூட்டும் பட்டன் அடியில் அழுந்துகிறது. அதற்கும் ஒரு வெட்டு போடலாமா?

கொளத்தூர்_பாலா:
மறுபக்கமாகப் படுக்கவையுங்களேன்.

ரேவதி:
என் போனில் பவர் பட்டன் அந்தப் பக்கம்!