வழக்கு நிலுவையில் இருக்கிறது: ஒதுக்கீடு போடுவதா, விளக்கக் குறிப்பில் சொன்னால் போதுமா?

புதுக்கணக்கர்: நாங்கள் அக்டோபரில் விற்ற இயந்திரம் பழுதாகி, வாங்கியவருக்கு உற்பத்தி நின்றுபோனது. 50 லட்சம் நஷ்டஈடு கேட்டு நவம்பரில் வழக்குப் போட்டார். எங்கள் கணக்காண்டு டிசம்பர் 31-இல் முடிந்தது. தோற்க 40% வாய்ப்பு என்று வக்கீல் எழுதிக் கொடுத்ததால், 20 லட்சத்தை இந்த ஆண்டின் செலவாகவும் கடப்பாடாகவும் காட்டி ஒதுக்கீடு போட்டேன். ஆடிட்டர் அதை நீக்கச் சொல்கிறார். சர்வதேசக் கணக்கியல் தரமான ஐஏஎஸ் 37-இன்படிதான் கணக்கு எழுதுகிறோம். எங்கே தவறினேன்?

கல்லா: ஆடிட்டர் சொல்வது சரி. தொகை உறுதியாகத் தெரியாதவரை ஒதுக்கீடே கூடாது, விளக்கக் குறிப்பில் எழுதினால் போதும்.

பேரேடு: அப்படியானால் எங்கள் வாரண்டி? 1,000 கருவிகள் விற்றோம், 100-க்கு 3 பழுதாகும், ஒன்றைச் சரிசெய்ய 2,000 ஆகும். 60,000 ஒதுக்கியிருக்கிறோம். எந்தக் கருவி பழுதாகும் என்று யாருக்குமே தெரியாதே!

ஐந்தொகை: பேரேடு, உங்கள் 60,000 சரிதான். 1,000 கருவிகளையும் சேர்த்துப் பார்த்தால் பணம் வெளியே போவது ஏறக்குறைய நிச்சயம். அங்கே சதவீதத்தால் பெருக்கலாம்.

வழக்கு அப்படியல்ல, அது ஒன்றே ஒன்று. 50 லட்சத்தை 40%-ஆல் பெருக்கி வந்த 20 லட்சம், தீர்ப்பில் வரக்கூடிய தொகையின் மதிப்பீடு அல்ல. முதலில், பணம் கொடுக்க நேர்வதற்கே வாய்ப்பு அதிகமா என்று கேளுங்கள். 40% என்றால் இல்லை. அதனால் இது கன்டிஞ்சென்ட் லயபிலிட்டி, அதாவது வரலாம், வராமலும் போகலாம் என்ற கடப்பாடு. இருப்புநிலைக் குறிப்பில் ஏறாது, கணக்கோடு இணைக்கும் விளக்கக் குறிப்பில் வழக்கின் தன்மையையும் எவ்வளவு போகலாம் என்பதையும் எழுத வேண்டும். வாய்ப்பு மிக மிக அரிதென்றால் அதுவும் வேண்டாம்.

கல்லா, தொகை உறுதியாகத் தெரிந்தால் அது சாதாரணக் கடன்தானே? நியாயமாக மதிப்பிட முடிந்தாலே ஒதுக்கீட்டுக்குப் போதும்.

புதுக்கணக்கர்: இதைச் சொல்ல விட்டுவிட்டேன். பிப்ரவரியில் 30 லட்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்துவிட்டது. இயக்குநர்கள் கணக்குக்கு இன்னும் ஒப்புதல் தரவில்லை.

கல்லா: பிப்ரவரியில் வந்தது அடுத்த ஆண்டுச் செலவு.

ஐந்தொகை: இல்லை. இயந்திரம் கெட்டது, வழக்கு வந்தது எல்லாம் டிசம்பருக்கு முன்பே. அன்றைக்கே கடப்பாடு இருந்ததைத் தீர்ப்பு உறுதிசெய்கிறது. கணக்காண்டு முடிந்தபின் நடப்பவை பற்றிய ஐஏஎஸ் 10-இன்படி, முடிந்த ஆண்டின் கணக்கையே திருத்தி 30 லட்சத்துக்கு ஒதுக்கீடு போட வேண்டும். வக்கீலின் பழைய கடிதத்தை வைத்துக்கொண்டு குறிப்போடு நிறுத்த முடியாது. இயந்திரத்தை விற்றதும் அது கெட்டதும் ஜனவரியில் என்றால் கல்லா சொன்னது பொருந்தும்.

பேரேடு: எங்களுக்கு ஒருமுறை இப்படிக் கொடுக்க வேண்டியதற்குக் காப்பீட்டுப் பணம் வந்தது, அதைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் காட்டினோம்.

ஐந்தொகை: லாப நட்டக் கணக்கில் அப்படிக் காட்டலாம். இருப்புநிலைக் குறிப்பில் கழிக்கக் கூடாது. காப்பீட்டுப் பணம் வருவது ஏறக்குறைய நிச்சயமானால் தனிச் சொத்தாகக் காட்டுங்கள்.

புதுக்கணக்கர்: எங்களுக்குக் காப்பீடு இல்லை. ஆனால் மேல்முறையீடு செய்கிறோம். அப்போதும் 30 லட்சமா?

ஐந்தொகை: மேல்முறையீடு செய்ததாலேயே ஒதுக்கீடு போய்விடாது. தீர்ப்பைப் படித்துவிட்டு வக்கீல் இப்போது என்ன சொல்கிறார்?

புதுக்கணக்கர்: இன்னும் எழுதித் தரவில்லை. வெள்ளிக்கிழமை கேட்கிறேன்.