+05:30 போதுமா, Asia/Kolkata வேண்டுமா?

நெல்லைவாசி: சாட்பாட்டுக்கு இன்றைய தேதி தெரியவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு: சிஸ்டம் ப்ராம்ப்டில் UTC நேரத்தையும் பயனரின் +05:30 போன்ற வித்தியாசத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். போதும். நேர வலயத்தின் பெயரெல்லாம் வீண் ஆடம்பரம்.

கணக்குப்பிள்ளை: 'போதும்' என்று தீர்ப்பெழுதியவருக்கு ஒரு கணக்கு. சென்னையிலிருந்து ஓர் ஆசிரியை செவ்வாய்தோறும் மாலை 7 மணிக்கு இணையத்தில் பாட்டு வகுப்பு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் இருக்கும் ஒரு தாய் 2025 அக்டோபர் 29, புதன்கிழமை அன்று, "அடுத்த செவ்வாய் வகுப்பு எங்களுக்கு எத்தனை மணிக்கு?" என்று சாட்பாட்டிடம் கேட்கிறார். உங்கள் ஒற்றை வரியில் அன்றைக்கு இருப்பது -04:00. சென்னையின் மாலை 7 மணி, UTC கணக்கில் பிற்பகல் 1.30. நான்கைக் கழித்தால் காலை 9.30. பாட் அதைத்தான் சொல்லும், கழித்தலில் ஒரு குறையும் இருக்காது. ஆனால் நவம்பர் 2 ஞாயிறு அதிகாலையில் டொராண்டோவில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நவம்பர் 4 அன்று அங்கே -05:00. வகுப்பு காலை 8.30க்கே தொடங்கிவிடும். பிள்ளை 9.30க்கு வந்து உட்கார்ந்தால் வெறும் திரையைப் பார்த்துப் பாட வேண்டியதுதான். America/Toronto என்று எழுதியிருந்தால் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுக்க வழி இருந்திருக்கும். -04:00 என்ற எண்ணுக்குள் நவம்பர் 2 இல்லை.

நெல்லைவாசி: கனடாவைக் காட்டி மிரட்ட வேண்டாம். என் பயனர்களில் பெரும்பாலோர் இந்தியாவில் இருக்கிறார்கள். இங்கே யாரும் கடிகாரத்தைத் தள்ளுவதில்லை. +05:30 என்றால் என்றைக்கும் +05:30தான்.

ஸ்கார்பரோ சித்தப்பா: என் கைப்பேசியில் கடிகாரம் தானாகவே மாறிவிடுகிறதே? அமைப்புகளில் 'தானியங்கி நேரம்' என்று ஒன்று இருக்கிறது, அதைத் தட்டினால் சரியாகிவிடும். இதற்கு இத்தனை சண்டையா?

கணக்குப்பிள்ளை: சித்தப்பா, உங்கள் கைப்பேசிக்கு நேரம் தெரியும். சாட்பாட்டுக்குத் தெரியாது. அதற்குக் கடிகாரமே கிடையாது, நாம் எழுதிக் கொடுப்பதுதான் அதற்கு 'இன்று'. எழுதாமல் விட்டால், பயிற்சி முடிந்த காலத்தை ஒட்டி ஒரு தேதியை ஊகித்துக்கொண்டு தைரியமாகப் பேசும்.

மணிக்கூடு: +05:30 என்று எழுதினால் இன்னொரு தொல்லை இருக்கிறது. நான் கொழும்பில் இருக்கிறேன். ஒரு கடையின் சாட்பாட்டிடம் "நாளை விடுமுறையா?" என்று கேட்டேன். மறுநாள் போயா தினம். அது இந்திய விடுமுறைப் பட்டியலைப் புரட்டிவிட்டு, இல்லை, கடை திறந்திருக்கும் என்றது. +05:30ஐப் பார்த்தவுடன் எங்களை இந்தியாவில் சேர்த்துவிடுவதா?

நெல்லைவாசி: அது நேரத்தின் பிழையா, விடுமுறைப் பட்டியலின் பிழையா? நேரம் சரியாகத்தானே இருந்தது? +05:30 சரி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். நன்றி.

மணிக்கூடு: நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. 'என்றைக்கும் +05:30' என்றீர்களே, எங்கள் நாட்டில் 1996 மே மாதம் +06:30 ஆனது, அதே ஆண்டு அக்டோபரில் +06:00 ஆனது, 2006 ஏப்ரலில்தான் பழையபடி +05:30க்கு வந்தது. 2001இல் கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு உங்கள் பாட் ஜாதகம் கணித்தால் அரை மணி நேரம் தவறும். Asia/Colombo என்ற பெயருக்குள் இந்த வரலாறு முழுவதும் இருக்கிறது.

வன்னிமகன்: முழுவதும் இல்லை. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் 1996 மாற்றத்தை ஏற்கவே இல்லை. கிளிநொச்சியில் 2001இல் பிறந்தவருக்கு உங்கள் Asia/Colombo தான் தவறு.

மணிக்கூடு: அதை இங்கே இழுக்க வேண்டுமா?

வன்னிமகன்: ஜாதகத்தை இழுத்தது யார்?

கணக்குப்பிள்ளை: இருவரும் வேறு திண்ணைக்குப் போங்கள். நெல்லைவாசி, ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். அந்த +05:30ஐ எங்கிருந்து எடுக்கிறீர்கள்?

நெல்லைவாசி: பிரவுசரிடம் கேட்கிறேன். இந்தியாவில் -330 நிமிடம் என்று வந்தது. கழித்தல் குறி தேவையில்லாமல் இருந்தது, எடுத்துவிட்டேன். அறுபதால் வகுத்து, முன்னால் கூட்டல் குறி போட்டு அனுப்புகிறேன்.

```
const m = Math.abs(new Date().getTimezoneOffset());
```

கணக்குப்பிள்ளை: எதிர்பார்த்தேன். அந்தக் கட்டளை UTCயிலிருந்து உள்ளூர் நேரத்தைக் கழித்துச் சொல்கிறது. அதனால் குறி தலைகீழாகத்தான் வரும். இந்தியாவுக்கு -330, கோடையில் டொராண்டோவுக்கு 240. நீங்கள் குறியையே பிடுங்கி எறிந்துவிட்டதால் இந்தியப் பயனருக்குத் தற்செயலாகச் சரியாக வருகிறது. டொராண்டோ பயனருக்கு +04:00 போகிறது. அது துபாய் நேரம். உங்கள் சாட்பாட்டின் உலகப் படத்தில் ஒன்டாரியோ ஏரி பாரசீக வளைகுடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இதைத்தான் 'போதும்' என்றீர்களா? பெயரை நேரடியாகக் கேட்டுவிடுங்கள், குறித் தொல்லையே இல்லை:

```
Intl.DateTimeFormat().resolvedOptions().timeZone
```

நெல்லைவாசி: அதையும் முயன்றேன். குரோமில் Asia/Calcutta என்று வருகிறது. ஊர்ப் பெயரையே மாற்றத் தெரியாத பட்டியலை நம்பச் சொல்கிறீர்கள். எனக்கு +05:30 போதும்.

கணக்குப்பிள்ளை: அது பழைய பெயர், இரண்டும் ஒரே வலயத்தைத்தான் குறிக்கின்றன. சர்வரில் உள்ள வலயப் பட்டியல் இரண்டையும் ஏற்கும். சாக்கு தேடாதீர்கள்.

நெல்லைவாசி: சரி, பெயரையே கொடுத்தேன் என்று வைத்துக்கொள்வோம். பதிலை எழுதுவது ஒரு மொழி மாடல். கடிகாரம் எந்த ஞாயிறு மாறும் என்பதை அது நினைவிலிருந்துதான் சொல்லும். பெயரைக் கொடுத்தும் அது தப்பாகக் கணக்கிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அப்போது பெயர் எதற்கு?

கணக்குப்பிள்ளை: அதனால்தான் கணக்கை அதனிடம் விடக் கூடாது என்கிறேன். பெயரை வாங்கிக்கொண்டு சர்வர் கணக்கிட வேண்டும். உள்ளூர்த் தேதி, கிழமை, நேரம் எல்லாவற்றையும் முடித்து எழுதிக் கொடுங்கள். கிழமையை விட்டால் அதிலும் வழுக்கும்.

```
இப்போது: 2025-11-04 செவ்வாய் 15:15
நேர வலயம்: America/Toronto
```

இதே நொடியில் UTC 20:15, சென்னையில் நவம்பர் 5 புதன் அதிகாலை 1.45. "நாளை" என்று டொராண்டோக்காரர் கேட்டால் புதன், சென்னைக்காரர் கேட்டால் வியாழன். வகுப்பு நேரம் போன்ற எதிர்காலக் கேள்வி வந்தால் அதற்கென்று ஒரு செயற்கூறு எழுதிவையுங்கள். பாட் அதை அழைத்து விடையை வாங்கிச் சொல்லட்டும்.

பின்வரிசை: நொடி வரை நேரத்தை ப்ராம்ப்டின் முதல் வரியில் எழுதுகிறவர்களால்தான் செலவு ஏறுகிறது. தொடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும், முந்தைய அழைப்பில் படித்துச் சேமித்துவைத்த ப்ராம்ப்டில் அதற்குப் பின்னால் உள்ளது எதுவும் பயன்படாது. மாறாத அறிவுரைகளை முன்னால் வையுங்கள், நேரத்தைக் கடைசியில் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை: கடைசியில் என்றால், ஒவ்வொரு கேள்வியோடும் சேர்த்து வையுங்கள். உரையாடல் தொடங்கும்போது ஒரு முறை மட்டும் கொடுத்தால், இரவு 11.50க்குத் திறந்த சாளரத்தில் மறுநாள் காலையில் கேட்பவருக்கும் நேற்றைய தேதியில்தான் பதில் வரும்.

பின்வரிசை: நான் செலவைப் பற்றிச் சொன்னேன். அதற்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டுமா? இந்தத் திரியில் பாதி உங்கள் எழுத்து.

கணக்குப்பிள்ளை: மீதிப் பாதி பிழையாக இருக்கிறதே, என்ன செய்ய.

ஸ்கார்பரோ சித்தப்பா: நான் போன மாதம் சென்னைக்கு வந்திருந்தேன். மடிக்கணினி டொராண்டோ நேரத்திலேயே இருந்தது. இப்போது பாட் எனக்கு எந்த ஊர் நேரம் சொல்ல வேண்டும்?

மணிக்கூடு: நல்ல கேள்வி. வலயப் பெயர் பிரவுசரிலிருந்து வந்தால் டொராண்டோ, ஐபி முகவரியிலிருந்து ஊகித்தால் சென்னை. விபிஎன் போட்டிருந்தால் எந்த நாடோ.

கணக்குப்பிள்ளை: பயனரிடமே கேட்க வேண்டும். அல்லது பதிலில் "டொராண்டோ நேரப்படி" என்று ஊரைச் சேர்த்து எழுதச் சொல்ல வேண்டும். தவறாக இருந்தால் அவரே திருத்திவிடுவார்.

நெல்லைவாசி: பார்த்தீர்களா, கடைசியில் பெயரும் போதவில்லை! பயனரிடமே கேட்பதென்றால் "உங்கள் நேரம் +05:30தானே?" என்று கேட்டுவிட்டுப் போகிறேன்.

கணக்குப்பிள்ளை: முதலில் அந்த Math.abs வரியை எடுங்கள்.

நெல்லைவாசி: ஒரு வாரமாக ஓடுகிறது. இதுவரை யாரும் புகார் சொல்லவில்லை.

ஸ்கார்பரோ சித்தப்பா: எந்த பாட் அது? பெயரைச் சொல்லுங்கள், நான் சொல்கிறேன்.