கட்டம் போட்ட துணியில் பின் இடுப்பு மடிப்பை எடுப்பது எப்படி?

வணக்கம். அக்காவுக்குச் சௌகார்பேட்டையில் வாங்கிய கட்டம் போட்ட பருத்தித் துணியில் குர்தி தைக்கவிருக்கிறேன். காடாத் துணியில் தைத்துப் பார்த்ததில் இரண்டு குறைகள் தெரிந்தன.

அவருக்குத் தோள் முன்பக்கம் சாய்ந்திருப்பதால் தோள் தையல் பின்னால் தள்ளி நின்று, கழுத்தோரத்திலிருந்து கைக்குழி நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழுந்தது. தோள் முனையில் முன்பாகத்திலிருந்து 1 செ.மீ. குறைத்து, கழுத்தருகே ஒன்றுமில்லாமல் முடித்து, அதே அளவைப் பின்பாகத்தில் கூட்டி, கையின் உச்சி அடையாளத்தையும் 1 செ.மீ. முன்னே நகர்த்தியதும் அது சரியாகிவிட்டது.

இடுப்பின் பின்புறக் குறுக்கு மடிப்புகள்தாம் சிக்கல். பக்கத் தையலைப் பிரித்துவிட்ட பிறகும் அவை நின்றதால், பின்புறம் இறுகி மேலேறவில்லை, உட்குழிந்த முதுகுக்கு நீளமே அதிகம் என்று உறுதியானது. பேப்பர் கட்டிங்கில் நடுமுதுகில் 1.5 செ.மீ. மடித்துப் பக்கத் தையலில் பூஜ்யமாக்கினால், இடுப்புக்குக் கீழே நடுக்கோடு வெளியே நீட்டுகிறது. அதை நேராக வெட்டிவிட்டு, குறைந்த அகலத்தைப் பக்கத் தையலிலும், குறைந்த நீளத்தை நடுமுதுகின் கீழ் விளிம்பிலும் சேர்க்கலாம். ஆனால் அப்போது பக்கத்தில் முன், பின் கட்டங்கள் பொருந்துமா?

நடுமுதுகில் தையல் வைக்காமல் இதைச் செய்தவர்கள், கட்டங்களை எந்த இடத்திலிருந்து பொருத்தி வெட்டினீர்கள் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.