புதுப்பிப்பு: வடிகால் கடிதம் என்ன ஆச்சு?

முன்பு கேட்டது: "கவுன்சிலர் ஆணையருக்கு லெட்டர் கொடுத்தும் வடிகால் அடைப்பு அப்படியே கிடக்கு. என்ன எழுதணும்?"

அதற்குப் பதிலாக, தூர்வாரினாலே போதும் என்று இங்கே ஒருவர் சொன்னது பாதிதான் சரி. ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் சொன்னபடி ஸ்லாப்பைத் திறந்து பார்த்தோம். சிறுபாலத்துக்கு இந்தப் பக்கம் தண்ணீர் தேங்கி நின்றது, அந்தப் பக்கம் காய்ந்து கிடந்தது. அடைப்பு பாலத்துக்கு அடியில்தான்.

பழைய கடிதத்தில் இருந்த "வார்டு முழுக்க" என்பதைக் கவுன்சிலர் அக்கா புதுக் கடிதத்தில் எடுத்துவிட்டார். எங்கிருந்து எதுவரை, 3 அடி ஆழத்தில் 2 அடி மண் என்று எழுதினார். உடைந்த ஸ்லாப்புக்குத் தனி எஸ்டிமேட் கேட்டார். அள்ளிய மண்ணை அன்றே அகற்றவும் கேட்டார்; கரையில் விட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப உள்ளேதான்.

தூர்வாரியாச்சு. எஸ்டிமேட் இன்னும் நிலுவை. தன் தெருக் குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்டவருக்கு: அது வேறு பிரிவு, தனியாக எழுதுங்கள். இன்னொரு சிக்கலும் இருக்கு: வடிகாலில் விட்ட கழிவுநீர் இணைப்பை யார் துண்டிப்பது என்பதில்தான் இழுபறி.