கலைச்சொல் தேவை: வந்த பணத்தை அதற்குரிய பில்லோடு சேர்ப்பது

மாலதி:
வணக்கம். கடைகளில் பில் போடும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். இரண்டு சொல்லில் மாட்டிக்கொண்டேன். பில் முடிந்ததும் தொகையும் கியூஆரும் காட்டும் திரைக்குக் 'கட்டணத் திரை' என்று போட்டேன். அரிசி வாங்கியதற்குக் கட்டணமா என்று வீட்டிலேயே கேட்டுவிட்டார்கள். அடுத்தது, வந்த பணத்தை உரிய பில்லோடு மென்பொருளே சேர்க்கும் வேலை. பள்ளிப் பாடநூலில் வங்கிச் சரிகட்டும் பட்டியல் உண்டு. 'சரிகட்டல்' போதுமா?

அண்ணாச்சி (திருநெல்வேலி):
எங்கள் கடையில் அட்டையில் ஒட்டிய கியூஆர்தான். பெட்டி "ரூபாய் நானூற்று எண்பத்தாறு பெறப்பட்டது" என்று சத்தம் போடும், பையன் பில்லைக் கிழித்துக் கொடுப்பான். இதற்கு எதற்குத் தனிச் சொல்?

பிரபு:
அண்ணாச்சி, அதே நேரம் இன்னொரு கவுண்டரிலும் 486 ரூபாய் பில் நின்றால் பெட்டி யாருடைய பணத்தைச் சொன்னது? ஒட்டிய கியூஆரில் கடையின் யுபிஐ முகவரி மட்டும்தான். தொகையை வாடிக்கையாளரே அடிக்கிறார். மாலதி சொல்லும் மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் புதிய கியூஆர் வரைகிறது. அதற்குள் இருப்பது இப்படி:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=486.00&tr=B1042-1&cu=INR
```

`am` தொகை. `tr` நாம் கொடுக்கும் குறிப்பெண். பணம் ஏறியதும் வங்கியோ கட்டணச் சேவை நிறுவனமோ அந்தக் குறிப்பெண்ணோடு தகவல் அனுப்பும். மென்பொருள் B1042 என்ற பில்லைத் தேடி, தொகையையும் ஒப்பிட்டு, 'பணம் வந்தது' என்று திரையை மாற்றும். இதற்கு வணிகக் கணக்கு வேண்டும். தனிநபர் யுபிஐ முகவரியைப் போட்டால் கியூஆர் வரும், பணமும் ஏறும், மென்பொருளுக்குத் தகவல் வராது.

சரிகட்டல் வேறு. வங்கி ஏட்டையும் நம் ரொக்க ஏட்டையும் பிறகு எதிரெதிரே வைத்து, வித்தியாசம் ஏன் என்று தேடுவது அது. இங்கே ஒவ்வொரு வரவும் வந்த நொடியில் தன் பில்லைத் தேடிப் போகிறது. 'வரவு பொருத்தல்' என்பேன்.

சிவநாதன் (யாழ்ப்பாணம்):
நாங்கள் இங்கே கணக்கிணக்கம் என்போம். 'வரவு இணக்கல்' என்றும் சொல்லலாமே. ஆனால் குறிப்பெண் எதற்கு? ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் வங்கியே 12 இலக்க எண் கொடுக்கிறதாம், அதைப் பில்லில் எழுதினால் முடிந்தது.

பிரபு:
அந்த எண் உண்மைதான் ஐயா. ஆனால் அது பணம் நகரத் தொடங்கிய பிறகுதான் பிறக்கும். கியூஆர் வரையும்போது நம் கையில் இல்லை. பொருத்த உதவுவது முன்பே நாம் வைத்த `tr`. 12 இலக்க எண், பிறகு தகராறு வந்தால் வங்கியிடம் காட்ட.

சிக்கலான இடம் ஒன்று. 486-க்குத் திரை காட்டியாகிவிட்டது. வாடிக்கையாளர் 42 ரூபாய்க்கு ஒரு சோப்பையும் சேர்க்கச் சொல்கிறார். பில் 528 ஆகிறது, புதிய கியூஆருக்கு B1042-2. அதற்குள் அவர் மனைவி பழைய கியூஆரை ஸ்கேன் செய்து 486 கட்டிவிட்டார். இரண்டு எண்ணையும் ஒரே பில்லின் கீழ் மென்பொருள் வைத்திருந்தால் 486-ஐ வரவு வைத்து, பாக்கி 42 என்று காட்டும். பழைய எண்ணைத் தூக்கி எறிந்திருந்தால் அந்த 486 அந்தரத்தில் நிற்கும், கவுண்டரில் மறுபடி 528 கேட்பார்கள். ஆகவே 'பொருந்தியது', 'பகுதி வரவு' இரண்டுக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் மாலதி.

அண்ணாச்சி:
பணம் போய்விட்டது என்று அவர் போனைக் காட்டுகிறார், நம் திரை காத்துக்கொண்டே இருக்கிறது. அப்போது?

பிரபு:
பெரும்பாலும் கடையின் இணையம் போயிருக்கும், அல்லது தகவல் தாமதம். அப்போது புதிய கியூஆர் போடவே கூடாது, இரண்டு முறை கட்டிவிடுவார். அதே குறிப்பெண்ணை வைத்து 'என்ன ஆச்சு' என்று மென்பொருள் சேவையிடம் திரும்பக் கேட்க வேண்டும். போனில் காட்டும் படத்தை நம்பிப் பொருளைக் கொடுப்பதும் ஆபத்து, போலிப் படங்கள் உண்டு. இன்னொன்று, ஒரே தகவல் இரண்டு தடவையும் வரலாம். இரண்டாவதையும் வரவு வைத்தால் கணக்கு வீங்கிவிடும்.

மாலதி:
'வரவு பொருத்தல்' எடுத்துக்கொள்கிறேன். திரைக்கு 'வரவுத் திரை'?

சிவநாதன்:
காசாளருக்கு அது வரவு, எதிரே நிற்பவருக்குச் செலவு. திரை அவரைப் பார்த்தல்லவா இருக்கிறது? 'செலுத்து திரை' நன்று. பில் கிடைக்காத பணத்தை எங்கே வைப்பீர்கள்? நாங்கள் தொங்கற் கணக்கு என்போம்.

பிரபு:
இங்கே பாடநூலில் அனாமத்துக் கணக்கு. ரத்தான பில்லுக்குத் தாமதமாக வரும் பணத்துக்கு 'அனாமத்து வரவு' என்றால் கடைக்காரருக்கு உடனே புரியும். 'தொங்கல்' என்றால் திரை உறைந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

சிவநாதன்:
யாழ்ப்பாணத்தில் அனாமத்து என்றால் எத்தனை பேருக்கு விளங்கும்?

மாலதி:
அதற்கு இலங்கைத் தமிழுக்குத் தனிச் சொற்கோப்பு வைக்கலாமா என்று கேட்டுப் பார்க்கிறேன். திரைக்குச் 'செலுத்து திரை', காசாளர் பக்கம் மட்டும் 'வரவு நிலை'. அண்ணாச்சி, திரும்பக் கேட்கும் பொத்தானுக்கு 'நிலை பார்' என்றா, 'பணம் வந்ததா?' என்றா போடட்டும்?

அண்ணாச்சி:
இரண்டாவது. பையனுக்கு அதுதான் புரியும்.