பிழைக் கட்டணத்தில் பிசினஸ் கிளாஸ்: பறப்போமா, பணம் திரும்புமா?

கோவை_மேகலா: ஜகார்த்தாவில் இருந்து டோக்கியோ வழியாக நியூயார்க் போய்வர பிசினஸ் கிளாஸ் 620 டாலர் என்று காட்டியது. ஏர்லைன்ஸ் தவறுதலாகப் போட்டுவிட்ட விலை, பிழைக் கட்டணம்தான் போல. ஒரு முன்பதிவுத் தளத்தில் போட்டுவிட்டேன். ஆறு எழுத்துக் குறியீட்டோடு மெயில் வந்திருக்கிறது. ஏர்லைன்ஸுக்கு போன் செய்து கேட்கலாமா? சென்னை–ஜகார்த்தா டிக்கெட்டையும் இப்போதே எடுத்துவிடவா?

ஜன்னல்_சீட்: இரண்டுமே வேண்டாம். நீங்கள் போன் செய்தால், தூங்குகிறவரை எழுப்பி பர்ஸ் கீழே கிடக்கிறது என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். தவிர, உங்களிடம் இருப்பது இன்னும் டிக்கெட் இல்லை. அந்த ஆறு எழுத்து சீட்டைப் பிடித்துவைத்ததற்கான குறியீடு மட்டும்தான். டிக்கெட் என்றால் 13 இலக்க எண் இருக்கும். அதன் முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட ஏர்லைன்ஸுக்கு உரியது. முன்பதிவுத் தளங்கள் சில நேரம் கார்டில் தொகையை நிறுத்திவைத்துவிட்டு, டிக்கெட்டைப் பல மணி நேரம் கழித்துத்தான் அடிக்கும். அதற்குள் கட்டணம் திருத்தப்பட்டால், "விலை மாறிவிட்டது" என்று ஒரு மெயில் வரும், கதை முடிந்தது. ஏர்லைன்ஸின் சொந்தத் தளத்தில் குறியீட்டையும் பெயரையும் போட்டு, அந்த எண் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

சட்டப்புலி: எண் வந்துவிட்டால் கவலையே இல்லை. நியூயார்க் போகும் விமானம் என்பதால் அமெரிக்கச் சட்டம் பொருந்தும். பணம் வாங்கிய பிறகு விலையை ஏற்றக்கூடாது என்று அங்கே விதி இருக்கிறது. அவர்கள் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

ஜன்னல்_சீட்: விதி இருப்பது உண்மைதான், 2012-ல் வந்தது. ஆனால் பிழைக் கட்டணத்துக்கு அதை வைத்து நடவடிக்கை எடுக்க மாட்டோம் என்று 2015 மே மாதம் அமெரிக்கப் போக்குவரத்துத் துறையே அறிவித்துவிட்டது. நிபந்தனை இரண்டு. அது பிழைதான் என்று ஏர்லைன்ஸ் காட்ட வேண்டும். டிக்கெட் பணத்தோடு, அதை நம்பி நீங்கள் செய்த நியாயமான செலவையும், ரசீது காட்டினால், திருப்பித் தர வேண்டும்.

அதே ஆண்டு பிப்ரவரியில் யுனைடெட் விஷயம் நடந்தது. பவுண்டை டேனிஷ் குரோனராக மாற்றுவதில் வெளி நிறுவனம் ஒன்றின் மென்பொருள் சொதப்ப, லண்டன்–நியூவார்க் முதல் வகுப்பு 75 டாலர் அளவுக்கு இறங்கியது. ஆயிரக்கணக்கானோர் வாங்கினார்கள். ஆனால் அந்த விலை டென்மார்க் தளத்தில்தான் கிடைத்தது. பலர் டென்மார்க்கில் இருப்பதாகப் போட்டு வாங்கியிருந்தார்கள். யுனைடெட் எல்லாவற்றையும் ரத்து செய்தது. புகார் போனபோது, இந்த விலை அமெரிக்க வாடிக்கையாளர்களுக்காக விற்கப்பட்டதே இல்லை என்று துறை கைகழுவிவிட்டது. நாட்டை மாற்றிப் போட்டு வாங்கும் தந்திரம் பிறகு உங்கள் மேலேயே திரும்பும்.

நேர்வழி: அவர்கள் ரத்து செய்ததில் என்ன தப்பு? தவறு என்று தெரிந்தே வாங்கிவிட்டு, ஏற்றிக்கொண்டு போகவில்லை என்று சண்டை போடுவது என்ன நியாயம்? கடைக்காரர் மீதியைக் கூடுதலாகக் கொடுத்தால் திருப்பித் தர மாட்டீர்களா?

ஜன்னல்_சீட்: நான் பெயரில் ஒரு எழுத்தைத் தப்பாக அடித்தால், அதைத் திருத்த அவர்கள் காசு கேட்பதில்லையா? போகட்டும். ஏற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. 2019 புத்தாண்டு அன்று கேத்தே பசிபிக், வியட்நாமில் இருந்து நியூயார்க் போய்வர 16,000 டாலர் வரை போகும் பிசினஸ் கிளாஸை 675 டாலருக்கு விற்றுவிட்டது. தவறுதான், ஆனால் வாருங்கள் என்று வெளிப்படையாகவே அறிவித்தது.

நேர்வழி: அது அவர்களுக்கு விளம்பரம். எல்லோரும் அப்படிச் செய்வார்கள் என்று எதிர்பார்ப்பது தப்பு.

பினாங்கு_பாலா: எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஐரோப்பா போக இப்படி ஒரு டிக்கெட் கிடைத்தது, 13 இலக்க எண்ணும் வந்தது. அன்று இரவே பணம் திரும்பாத ஓட்டல் போட்டேன். அடுத்த வாரம் டிக்கெட் பணம் மட்டும் கார்டுக்கு வந்தது. ஓட்டல் செலவைக் கேட்டதற்குப் பதிலே இல்லை. அமெரிக்கா பக்கமே போகாத பயணம், அந்த விதியும் எனக்கு உதவவில்லை. இது ஆஃபர் மாதிரிதானே? கூப்பன் போட்டு இன்னும் குறைக்க முடியுமா மேகலா?

சட்டப்புலி: ஆஃபர் இல்லை பாலா. சரி, 2015 அறிவிப்பை நான் பார்க்கவில்லை. ஆனாலும் மேகலாவுக்கு அமெரிக்கா வருகிறதே. சென்னை–ஜகார்த்தா செலவையும் கேட்டு வாங்கலாமே?

ஜன்னல்_சீட்: கேட்கலாம், கிடைக்கலாம். "நியாயமான" என்ற சொல்லுக்குள் எது அடங்கும் என்று வாதாடிக்கொண்டு நிற்க வேண்டும். அதைவிட, இரண்டு வாரம் பொறுங்கள். ஜகார்த்தா டிக்கெட் இப்போதே வேண்டுமென்றால், ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் எடுங்கள், ஓட்டலும் அப்படியே. விலை தெரிந்த திரை, மெயில், கார்டு கணக்கு எல்லாவற்றையும் படம் எடுத்துவையுங்கள். முக்கியமாக, தேதி மாற்றம் ஏதும் கேட்காதீர்கள். டிக்கெட்டைத் திரும்ப அடிக்க ஒருவர் திறந்து பார்த்தாலே விலை கண்ணில் பட்டுவிடும்.

கோவை_மேகலா: ஏர்லைன்ஸ் தளத்தில் பார்த்தேன். சீட் தேர்வு வருகிறது, 13 இலக்க எண் இல்லை. கார்டில் 620 டாலர் "நிலுவையில்" என்று இருக்கிறது.

ஜன்னல்_சீட்: அப்படியென்றால் டிக்கெட் இன்னும் அடிக்கவில்லை. நாளைக் காலை திரும்பப் பாருங்கள். இன்னொரு தளத்தில் இரண்டாவதாக ஒன்று போட்டுவைக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ஒரே பெயரில் ஒரே விமானத்துக்கு இரண்டு பதிவு இருந்தால் கணினியே தூக்கிவிடும்.