எழுத்து பளிச், சின்னம் மங்கல்: ஃபிளெக்ஸ் போர்டில் மாட்டிக்கொண்ட கதை

கடைசி பெஞ்ச்
மாமாவின் ஹார்டுவேர் கடைக்கு லோகோ வரைந்தது நான்தான். இங்க்ஸ்கேப்பில் 10 செ.மீ. அகலத்தில் வரைந்து, பிடிஎஃப் ஆகச் சேமித்து ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பினேன். 8 அடி போர்டு வந்தது. கடைப் பெயர் கத்தியால் வெட்டினது போல இருக்கிறது. பக்கத்தில் பல்சக்கரம் மட்டும் ஓரமெல்லாம் படிக்கட்டு. மாமா ஒன்றும் சொல்லவில்லை. அத்தைதான், "சக்கரத்துக்குக் கண்புரையா தம்பி?" என்றார். ஒரே ஃபைலில் பாதி மட்டும் எப்படிக் கெடும்? உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

மதுரை மச்சான்
பிடிஎஃப் என்றாலே வெக்டர்தான், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது. கடைக்காரர் ஜேபெக் ஆக மாற்றி அடித்திருப்பார். எனக்கும் ஒருமுறை அப்படித்தான் செய்தார்கள். சண்டை போட்டு மறுபடி அடித்து வாங்குங்கள்.

பழைய டிடிபி
மச்சான், அவசரப்படாதீங்க. பிடிஎஃப் ஒரு பை மாதிரி. கோடும் வளைவும் போடலாம், போட்டோவும் போடலாம். கடைக்காரர் ஜேபெக் ஆக்கியிருந்தால் எழுத்தும் சேர்ந்தே மங்கியிருக்கும்.

தம்பி, சக்கரத்துக்கு நிழல் போட்டீங்களா? இங்க்ஸ்கேப்பின் Drop Shadow ஒரு ஃபில்டர். அந்த மாதிரி மங்கலாக்கும் வேலையைக் கோடுகளாக எழுத பிடிஎஃபில் வழியில்லை, அதனால் சேமிக்கும்போதே புள்ளிப் படமாக்கிவிடும். நிழல் மட்டும் போனால் பரவாயில்லை. ஃபில்டர் சக்கரத்தின் மேலேயே ஒட்டியிருப்பதால் சக்கரமும் சேர்ந்து போய்விடும். நானே ஒரு கல்யாணப் பத்திரிகையில் இப்படி மாட்டி, ஓர் இரவு முழுக்க அச்சகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

சேமிக்கும் பெட்டியில் Rasterize filter effects என்று ஒரு டிக், கீழே டிபிஐ எண் இருக்கும். பெரும்பாலும் 96. பழி போடுவதற்கு முன் இதை ஓட்டிப் பாருங்க:

```
pdfimages -list logo.pdf
```

சுத்தமான வெக்டர் என்றால் தலைப்பு வரி மட்டும் வரும், கீழே எதுவும் இருக்காது.

கடைசி பெஞ்ச்
இரண்டு வரி வந்தது அண்ணே! ஒன்று image, இன்னொன்று smask. அகலம் கிட்டத்தட்ட 190, x-ppi 96. நிழல் போட்டது உண்மைதான்.

பழைய டிடிபி
smask நிழலின் ஒளிபுகும் பகுதிக்கானது. இப்போது கணக்கு போடுங்க. உங்க சக்கரம் 5 செ.மீ., அது போர்டில் 4 அடி ஆகிறது. 190 புள்ளியை 1219 மி.மீ.க்கு இழுத்தால் ஒவ்வொரு புள்ளியும் 6 மி.மீ.க்கு மேல். அத்தை பார்த்தது அந்தப் புள்ளிகளைத்தான்.

டிபிஐயைக் கூட்டினால் தள்ளிப்போகும், தீராது. டிக்கை எடுத்தால் நிழலே காணாமல் போகும். ஃபில்டரை நீக்கிவிட்டு, சக்கரத்தை நகலெடுத்துக் கொஞ்சம் தள்ளி, சாம்பல் நிறம் கொடுத்துப் பின்னால் வையுங்க. மெதுவாக மறையும் நிழல்தான் வேண்டுமென்றால் கிரேடியன்ட் போடுங்க, அது வெக்டராகவே போகும்.

சுபா_ஆய்வு
எனக்கு நேர்மாறான கதை. ஆய்வேட்டு வரைபடம் எல்லாம் வெக்டராகவே இருக்கட்டும் என்று மேட்பிளாட்லிப்பில் பிடிஎஃப் ஆக எடுத்தேன். ஒரு படத்தில் 2 லட்சம் புள்ளிகள். கைடு அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு புள்ளியாக வரைந்துகொண்டே இருக்கும், நகராது. கடைசியில் புள்ளிகளை மட்டும் படமாக்கினேன், அச்சும் எழுத்தும் வெக்டராகவே நின்றன:

```python
ax.scatter(x, y, s=2, rasterized=True)
fig.savefig("graph.pdf", dpi=300)
```

நெல்லை வாசகன்
எங்கள் சங்கத்து முத்திரை பழைய ஜேபெக். அதை டிராவில் செருகி பிடிஎஃப் ஆக எடுத்தேன், இப்போது வெக்டர் ஆகியிருக்கும்தானே?

பழைய டிடிபி
ஆகாது சார். அதே ஜேபெக் பைக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். இங்க்ஸ்கேப்பில் Trace Bitmap இருக்கிறது, ஆனால் முத்திரையில் பொடி எழுத்து இருந்தால் ஓரம் குழம்பிவிடும். அந்த எழுத்தைக் கையால் மறுபடி அடிப்பதே மேல்.

மதுரை மச்சான்
சரி, கடைக்காரர் தப்பில்லை. ஆனால் அவரும் ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்திருக்கலாமே. 8 அடிக்கு அடிக்கிற ஆள்!

கடைசி பெஞ்ச்
நகல் நிழல் போட்டு மறுபடி எடுத்தேன், pdfimages-இல் வெறும் தலைப்பு வரி. கடைக்கு அனுப்பினேன். அவர் கோரல் டிராவில் திறந்தால் சக்கரம் அருமை, தமிழ் எழுத்தில் கொம்பு எல்லாம் இடம் மாறிக் கிடக்கிறதாம். "கர்வ் பண்ணிக் கொடுங்க" என்கிறார். போன தடவை இதே எழுத்து ஒழுங்காகத்தானே வந்தது?

பழைய டிடிபி
Convert text to paths என்பதை டிக் செய்து எடுத்து அனுப்புங்க, அதைத்தான் கேட்கிறார். போன தடவை ஏன் வந்தது என்பது எனக்குப் புரியவில்லை. அன்றைக்குக் கோரலில் திறக்காமல் நேராக அடித்தாரா என்று கேட்டுப் பாருங்க.